மோட்டார் பட்டறைக்கு ஒரு லோகோ: கேன்வாவா, இங்க்ஸ்கேப்பா?

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் என் மச்சினன் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே போர் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்றுவிடுகிறவர்கள், காயில் புகைந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் மாதங்கள்தான் அவனுக்குச் சீசன். போன கோடையில் பட்டறையைச் சந்துக்குள்ளிருந்து ரோட்டோரத்துக்கு மாற்றினான். புது போர்டு, விசிட்டிங் கார்டு, கட்டி முடித்த மோட்டார் மேல் ஒட்ட ஒரு ஸ்டிக்கர், பில் புத்தகத்துக்கு ரப்பர் ஸ்டாம்பு, எல்லாம் ஒரே நேரத்தில் தேவைப்பட்டன. போனிலேயே கேன்வா என்ற டிசைன் ஆப்பைத் திறந்து, ஒரு ராத்திரியில் லோகோ செய்து, அந்தப் படத்தையும் போர்டில் வர வேண்டிய எழுத்தையும் வாட்ஸ்அப்பில் பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டான்.

கார்டு நன்றாகவே வந்தது. போர்டு வந்தபோதுதான் மூன்று கோளாறுகள் தெரிந்தன. லோகோவின் விளிம்பு படிக்கட்டு மாதிரி உடைந்திருந்தது. போனில் பளிச்சென்று இருந்த நீலம், போர்டில் கத்திரிப்பூ நிறமாக மாறியிருந்தது. 'மோட்டார்' என்ற சொல்லில் மகரத்தின் கொம்பு இடம் மாறி, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் நின்றது. “மாமா, நான் அனுப்புனது இது இல்லியே” என்று என்னைக் கூப்பிட்டான். தஞ்சாவூரில் ஒரு பிரஸ்ஸில் சில வருடங்கள் டிசைன் வேலை பார்த்தவன் நான். அன்றைக்கு அவன் பட்டறையிலேயே உட்கார்ந்து, கேன்வாவையும், இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தோம். இரண்டுமே இலவசம். ஆனால் இரண்டும் ஒரே வேலைக்கானவை அல்ல.

விளிம்பு ஏன் உடைந்தது

எதில் செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த லோகோ எந்த இடத்தில் மிகப் பெரிதாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். கேன்வாவில் லோகோ என்று தேடித் திறந்தால் கிடைப்பது பொதுவாக 500-க்கு 500 பிக்சல் உள்ள சதுரம். கார்டில் அது முக்கால் அங்குலம்தான் இடம் பிடிக்கும். அந்த அளவில் அங்குலத்துக்கு 600 புள்ளிக்கு மேல் வரும். அச்சுக்கு 300 போதும் என்பதால் கார்டு அழகாக இருந்தது. போர்டு எட்டுக்கு மூன்று அடி. அதில் லோகோவின் அகலம் இரண்டரை அடி, அதாவது 30 அங்குலம். 500 புள்ளியை 30 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 17 புள்ளிகூட வராது. ஒவ்வொரு புள்ளியும் ஒன்றரை மில்லிமீட்டர் கட்டமாகத் தெரியும். ஃப்ளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 முதல் 100 புள்ளி இருந்தால் நல்லது. போதாக்குறைக்கு, வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தை இன்னும் சுருக்கிவிடும். எந்தக் கோப்பையும் அங்கே `Document` ஆகத்தான் அனுப்ப வேண்டும்.

புள்ளிகளால் ஆன படத்துக்கு இப்படி ஓர் எல்லை உண்டு. கோடுகளின் கணக்காகச் சேமிக்கப்படும் வெக்டர் படத்துக்கு அது கிடையாது. ஸ்டாம்பு அளவிலும் சரி, ஃப்ளெக்ஸ் அளவிலும் சரி, விளிம்பு ஒரே கூர்மையோடு இருக்கும். இங்க்ஸ்கேப்பில் வரைவது எல்லாமே வெக்டர். கேன்வா இலவசக் கணக்கில் SVG என்ற வெக்டர் கோப்பு கிடைக்காது, அது பணம் கட்டுகிறவர்களுக்குத்தான். இதனாலேயே பலரும் கேன்வா போர்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. டவுன்லோடு செய்யும்போது PNG, JPG எடுக்காமல் `PDF Print` எடுத்தால், வட்டம், கோடு, எழுத்து எல்லாம் இலவசக் கணக்கிலும் வெக்டராகவே வரும். அங்கே இருக்கும் `Flatten PDF` என்ற கட்டத்தை மட்டும் டிக் செய்யக் கூடாது. செய்தால் எல்லாம் மறுபடி ஒரே படமாகிவிடும். வந்த பிடிஎஃப்பைத் திறந்து, முடிந்த மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு கூர்மையாகவே இருந்தால் வெக்டர், கட்டம் கட்டமாகத் தெரிந்தால் படம்.

ஆக, லோகோ வெறும் வட்டமும் எழுத்தும்தான், போர்டு ஃப்ளெக்ஸ்தான் என்றால் கேன்வாவே போதும். கம்ப்யூட்டர் கையில் இல்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம். கேன்வா போனில் ஓடும். இங்க்ஸ்கேப்புக்குக் கம்ப்யூட்டர் கட்டாயம் வேண்டும்.

கேன்வா எங்கே கைவிடுகிறது

மச்சினன் முதலில் தேர்ந்தெடுத்தது ஸ்பேனரும் பல்சக்கரமும் உள்ள ஒரு டெம்ப்ளேட். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் அதே டெம்ப்ளேட்டை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். மன்னார்குடியில் ஒரு டூவீலர் மெக்கானிக் அதையே போர்டில் போட்டால் கேட்க முடியாது. கேன்வாவின் விதிப்படியே, அவர்களுடைய ரெடிமேட் படங்களை வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க்காகப் பதிய முடியாது. சாதாரண வட்டம், கோடு, எழுத்துரு இவற்றுக்கு அந்தத் தடை இல்லை. எனவே கேன்வாவில் செய்தாலும் டெம்ப்ளேட்டை விட்டுவிட்டு வெற்றுப் பக்கத்தில் நாமே வடிவங்களை அடுக்குவதுதான் சரி.

அடுத்தது பின்னணி. பின்னணி இல்லாத PNG இலவசக் கணக்கில் கிடையாது. அதனால் நீல போர்டின் மேல் லோகோவை வைத்தால் சுற்றிலும் ஒரு வெள்ளைச் சதுரம் ஒட்டிக்கொண்டு வரும். ஊரில் எத்தனையோ போர்டுகளில் இந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவதுதான் எங்கள் முடிவை மாற்றியது. மோட்டார் மேல் ஒட்டும் ஸ்டிக்கரை வினைல் ஷீட்டில் வெட்டி எடுக்கலாம் என்று மச்சினன் நினைத்தான். பின்னால் வசதி வரும்போது போர்டில் அக்ரிலிக் எழுத்து வைக்கவும் ஆசை. வெட்டும் மெஷின் கோட்டின் மேல்தான் கத்தியை ஓட்டும். எந்த வடிவம் எங்கே முடிகிறது என்று தெளிவான, ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வெளிக்கோடு அதற்கு வேண்டும். கேன்வா பிடிஎஃப்பில் வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். அதைப் பிரஸ்ஸில் யாராவது உட்கார்ந்து பிரித்துச் சரிசெய்ய வேண்டும். இங்க்ஸ்கேப்பில் அந்த வேலையை நாமே இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம்.

வரைந்தது எப்படி

கடைப் பெயர் எங்கள் குலசாமியின் பெயர்; 'வீ' என்று தொடங்கும். நடுவில் அந்த எழுத்து, அதைச் சுற்றிச் செம்புக் கம்பி மாதிரி வளையங்கள். இதுதான் யோசனை. ஸ்பேனரை எந்த மெக்கானிக்கும் போடுவார். சுற்றிய கம்பியைக் காயில் கட்டுகிறவர்தான் போட முடியும்.

முதலில் ஐந்து வளையம் போட்டோம். திரையில் அழகு. ஆனால் ரப்பர் ஸ்டாம்பில் லோகோவின் குறுக்களவு 15 மில்லிமீட்டர்தான். நடுவில் எழுத்துக்கு 7 மில்லிமீட்டர் போனால், மையத்திலிருந்து ஒரு பக்கம் மிச்சம் 4. அதில் ஐந்து வளையமும் ஐந்து இடைவெளியும் என்றால் ஒவ்வொன்றும் 0.4 மில்லிமீட்டர். ஸ்டாம்பு மை அந்த இடைவெளியை நாலைந்து தடவை குத்துவதற்குள் அடைத்துவிடும். மூன்று வளையமாகக் குறைத்தபோது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.7 ஆனது, அது தாங்கும். எந்த லோகோவையும் முதலில் ஸ்டாம்பு அளவில், கறுப்பு ஒரே நிறத்தில், சாதா பேப்பரில் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். அங்கே தெளிவாக இருந்தால் போர்டில் தன்னால் தெளிவாக இருக்கும்.

இங்க்ஸ்கேப்பில் Ctrl-ஐ அழுத்திக்கொண்டு வட்டம் வரைந்தால் நீள்வட்டமாகாமல் வட்டமாகவே வரும். உள்நிறம் இல்லாமல், வெளிக்கோடு மட்டும் தடிமனாக மூன்று வட்டம். அவற்றைத் தேர்ந்தெடுத்து `Path > Stroke to Path` கொடுத்தால் கோடு வடிவமாக மாறும். பிறகு எந்த அளவுக்கு இழுத்தாலும் தடிமன் அதே விகிதத்தில் கூடும். வெட்டும் மெஷினும் சரியாகப் பிடித்துக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வடிவங்கள் இருந்தால் `Path > Union` அவற்றை ஒன்றாக்கிவிடும்.

அப்புறம் எழுத்து. தமிழில் லோகோ செய்கிறவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். நம் ஊர்ப் பிரஸ்களில் பெரும்பாலும் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருள்தான் ஓடும், அதுவும் பல இடங்களில் பழைய வெர்ஷன். தட்டச்சுக்குப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள். நாம் போனில் அடிப்பது யூனிகோடு. யூனிகோடில் 'மோ' என்பது மகரமும் அதன்பின் ஓர் ஓகாரக் குறியும்; கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. பழைய வெர்ஷனுக்கு அது தெரியாது. நாம் அனுப்பிய எழுத்தை அங்கே ஒட்டியபோது கொம்பு இடம் மாறியதும், புள்ளி வட்டம் வந்ததும் அதனால்தான். பிரஸ்ஸில் இருந்த தம்பிமேல் குற்றம் சொல்ல முடியாது.

இதற்கு வழி, எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் வடிவமாக மாற்றி அனுப்புவது. இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து `Path > Object to Path`. மாற்றிய பிறகு எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்த முடியாது; அதனால் மாற்றுவதற்கு முன்னால் ஒரு நகலைத் தனியாகச் சேமித்து வையுங்கள். கேன்வாவில் இந்த வசதி இல்லை. அங்கிருந்து பிடிஎஃப் கொடுக்கிறீர்கள் என்றால், கோரல்டிராவில் திறக்கும்போது எழுத்தை `Text` ஆக எடுக்கவா, `Curves` ஆக எடுக்கவா என்று அது கேட்கும். `Curves` கொடுக்கச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் பழைய கதைதான்.

எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள பலூ தம்பி 2, முக்த மலர், கேடமரன், அனேக் தமிழ் எல்லாமே கடை வேலைக்குப் பயன்படுத்த அனுமதி உள்ளவை. பட்டறைக்குத் தடித்த, உருண்டையான பலூ தம்பி பொருந்தியது. போன் நம்பருக்கும் முகவரிக்கும் முக்த மலர். இந்த இரண்டுக்கு மேல் மூன்றாவது எழுத்துரு வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம்.

நீலம் ஏன் மாறியது

போனும் கம்ப்யூட்டரும் சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தைக் கலந்து நிறம் காட்டுகின்றன. அச்சு மெஷின் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையைக் கலக்கிறது. கேன்வாவின் இலவசக் கணக்கு முதல் வகை நிறத்தில்தான் பிடிஎஃப் தரும்; இங்க்ஸ்கேப்பிலும் நாங்கள் வேலை செய்தது அதே வகையில்தான். எனவே இந்த ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மை நிறத்துக்கு மாற்றுவது பிரஸ்ஸில்தான் நடக்கிறது.

மச்சினன் போனில் எடுத்த நீலம் #2A1FD6. சாதாரணக் கணக்கில் அதை மைக்கு மாற்றினால் சயான் 80, மெஜந்தா 86 வரும். மெஜந்தா சயானைத் தாண்டிவிட்டால் நீலம் ஊதாவாகிவிடும். நீலம் நீலமாகவே வர வேண்டுமென்றால், மெஜந்தா சயானைவிடக் குறைந்தது 30 கீழே இருக்க வேண்டும். எனவே திரையில் நிறம் தேடுவதை விட்டுவிட்டு மைக் கணக்கில் தொடங்கினோம். சயான் 100, மெஜந்தா 60, மஞ்சள் 0, கறுப்பு 40. திரைக்கு அதன் பக்கத்தில் வரும் எண் #003D99. செம்புக்கு சயான் 0, மெஜந்தா 55, மஞ்சள் 85, கறுப்பு 15; திரையில் #D96221. உண்மைச் செம்பின் பளபளப்பு நான்கு மையில் வராது, செங்காவி கலந்த ஆரஞ்சாகத்தான் வரும். இதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிட்டேன்.

இன்னொரு சோதனையும் செய்தோம். இரண்டு நிற எண்ணைக் கொடுத்தால் அவற்றுக்குள் எவ்வளவு வெளிச்ச வேறுபாடு என்று சொல்லும் இலவசத் தளங்கள் இருக்கின்றன. இணையப் பக்கங்களுக்கான தரத்தில் சிறிய எழுத்துக்கு 4.5-ம், பெரிய எழுத்துக்கும் உருவங்களுக்கும் 3-ம் வேண்டும் என்கிறார்கள். போர்டுக்கும் அது நல்ல அளவுகோல். நீலத்தின் மேல் வெள்ளை 9.9 வந்தது, அருமை. வெள்ளையின் மேல் செம்பு 3.7; உருவத்துக்குச் சரி, போன் நம்பருக்கு ஆகாது. நீலத்தின் மேல் செம்பு 2.7 மட்டும். மச்சினனுக்கு ஆசை என்னவோ நீல போர்டில் செம்பு நிற எழுத்துதான். பக்கத்தில் நின்று பார்த்தால் அழகாகவே இருந்தது. அந்தப் பிரின்ட்டைச் சுவரில் ஒட்டிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்ததும் அவனே வேண்டாம் என்றான். கடைசியில் நீல போர்டு, வெள்ளை எழுத்து, ஒரு வெள்ளை வட்டத்துக்குள் செம்பு வளையம். கார்டு வெள்ளை, அதில் நீல எழுத்து, அதே வளையம். ஸ்டாம்பும் ஸ்டிக்கரும் நீலம் மட்டும்.

போர்டில் எழுத்தின் அளவுக்கு ஒரு வழிகாட்டி: ஓர் அங்குல உயரம் இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்கலாம். தமிழ்ப் பெயர் 10 அங்குலம் வைத்தோம், நூறு அடிக்கு வரும். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்களுக்கான விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்பது அரசு சொல்லும் விகிதம். எனவே ஆங்கிலம் 6 அங்குலம். போன் நம்பர் 4. பைக்கை ஓரங்கட்டி நிறுத்துகிறவருக்கு அது போதும்.

எங்கள் முடிவு

லோகோவை மட்டும் இங்க்ஸ்கேப்பில் ஒரு தடவை செய்து, SVG, பிடிஎஃப் இரண்டாகவும் சேமித்தோம். இதுதான் மூலக் கோப்பு. இதில் யாரும் கை வைக்கக் கூடாது. கார்டு, ஆயுதபூஜை வாழ்த்து, வாட்ஸ்அப்பில் போடும் லீவு அறிவிப்பு எல்லாவற்றையும் கேன்வாவிலேயே செய்கிறான். அந்த SVG-யைக் கேன்வாவில் அப்லோடு செய்துகொள்ளலாம். அப்படி வரும் லோகோவைச் சுற்றி வெள்ளைச் சதுரமும் இருக்காது. நிறத்துக்கு, இரண்டு கட்டமும் இரண்டு வரி எழுத்தும் உள்ள ஒரு மூலப் பக்கத்தை வைத்து, புதிதாக எது செய்தாலும் அதை நகலெடுத்துத்தான் தொடங்க வேண்டும் என்று பழக்கினேன். கண்ணளவில் நிறம் எடுத்தால் நாலாவது டிசைனுக்குள் நீலம் நாலு விதமாகிவிடும்.

கம்ப்யூட்டரே கிடைக்காது, ஸ்டிக்கர் வெட்டவோ அக்ரிலிக் எழுத்து வைக்கவோ திட்டமில்லை என்பவர்களுக்கு நான் இங்க்ஸ்கேப்பைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பழகவே ஒரு வாரம் ஆகும். கேன்வாவில் வெற்றுப் பக்கத்தில், 4000-க்கு 4000 பிக்சல் என்று தொடக்கத்திலேயே அளவு கொடுத்துச் செய்யுங்கள். பிரஸ்ஸில் பிடிஎஃப் திறக்காமல் படமாகவே கேட்டாலும், இரண்டரை அடி லோகோவுக்கு அங்குலத்துக்கு 133 புள்ளி வரும். ஃப்ளெக்ஸுக்கு அது தாராளம். கார்டுக்கு `Crop marks and bleed` டிக் செய்து எடுங்கள். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழாமலிருக்க, பின்னணி நிறத்தைப் பக்கத்தின் விளிம்பைத் தாண்டி இழுத்துவிட வேண்டும். எழுத்தை ஓரத்திலிருந்து நாலைந்து மில்லிமீட்டர் உள்ளே வைக்க வேண்டும்.

எதில் செய்தாலும் பிரஸ்ஸுக்கு ஒரு துண்டுச் சீட்டும் சேர்த்துக் கொடுங்கள். நீலத்துக்கு நான்கு எண், செம்புக்கு நான்கு எண். கோரல்டிராவில் அந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்து எண்ணை அடிப்பது அரை நிமிட வேலை. எண் ஒன்றாக இருந்தாலும் மெஷினுக்கு மெஷின், மைக்கு மை கொஞ்சம் மாறும். எனவே முழு போர்டும் ஓட்டுவதற்கு முன், லோகோவும் நீலமும் சேர்ந்து வரும் இடத்தில் ஓர் அடித் துண்டு மட்டும் அடித்துத் தரச் சொன்னோம். வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தோம். நீலம் நீலமாகவே இருந்தது, கொம்பும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அந்தத் துண்டை மச்சினன் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறான். ரோட்டில் தொங்கும் போர்டு வெயிலில் வெளுக்கும். அடுத்த போர்டு அடிக்கும்போது அதைக் காட்டி நிறம் பிடிக்கச் சொல்ல முடியாது, இந்தத் துண்டைத்தான் எடுத்துப் போக வேண்டும்.